“நவம்பர் 5 இரவு 8.30க்கு என்னால் முடியாது”: இதை எப்படி எழுதுவது?

கேள்வி: வணக்கம் மேடம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்ட் லீடாக இருக்கிறேன். மகளுக்குப் பதினோரு மாதம். மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி ஐந்து மாதம் ஆகிறது. எங்கள் ஆன்சைட் மேனேஜர் நியூஜெர்சியில் இருக்கிறார். திருச்சிக்காரர், நாங்கள் தமிழில்தான் பேசிக்கொள்வோம். நியூயார்க்கில் இருக்கும் வங்கி கிளையன்ட்டோடு நவம்பர் 5, வியாழன் இரவு 8.30 முதல் 9.15 வரை ஒரு மீட்டிங் போட்டு அழைப்பு அனுப்பியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை வழக்கமான கால் 7.30க்குத்தான். நம் ஊர் நேரம் நன்றாகத் தெரிந்தவர், இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டிருக்கிறாரே என்று கோபமாக வருகிறது. மகள் 8.15க்குப் பால் குடிக்க ஆரம்பித்து ஒன்பது மணிக்குத் தூங்குவாள். அந்த நேரம் மட்டும் என்னால் முடியாது, அப்புறம் சிரமமில்லை. 6ஆம் தேதி காலை தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புகிறோம், 10ஆம் தேதிதான் திரும்புவேன்.

இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “சார், ரொம்ப மன்னிக்கவும். குழந்தை சின்னவள், மாமியாருக்கு முழங்கால் வலி, கணவருக்கு நைட் ஷிஃப்ட். அதனால் 5ஆம் தேதி வர முடியுமா என்று தெரியவில்லை. தப்பாக நினைக்க வேண்டாம். முடிந்தால் திங்கள் மாலை 6 மணி அல்லது புதன் 7.30 வைக்கலாமா? இல்லையென்றாலும் பரவாயில்லை, எப்படியாவது சமாளிக்கிறேன்.” நான் நினைப்பது 2ஆம் தேதி திங்களும் 11ஆம் தேதி புதனும். பெண்களை எட்டு மணிக்கு மேல் வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே, அதையும் சேர்த்துவிடலாமா? போன மாதம் ஒரு மீட்டிங்குக்கு வருகிறேன் என்று அழுத்திவிட்டுக் கடைசியில் போகவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. வர முடியாது என்று சொன்னால் அப்ரைசலில் அடிபடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்

பதில்: அன்புள்ள தோழிக்கு, இதை இன்னும் அனுப்பவில்லை என்றால் நல்லது. நீங்கள் மறுப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்தச் செய்தியில் மூன்று இடங்களில் சிக்கல் இருக்கிறது. அதில் ஒன்று உங்கள் கண்ணிலேயே படவில்லை. அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

நேரத்தைத் தள்ளியது அவர் இல்லை

அமெரிக்காவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை திருப்பி வைப்பார்கள். இந்த ஆண்டு, அதாவது 2026இல், அந்த ஞாயிறு நவம்பர் 1. நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அதனால் இதுவரை நியூயார்க்குக்கும் சென்னைக்கும் ஒன்பதரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் அன்றிலிருந்து பத்தரை மணி நேரமாகிவிடும். உங்கள் மேனேஜர் போட்டிருப்பது அவருடைய காலை 10 மணி. உங்கள் செவ்வாய் காலும் அதே காலை 10 மணிதான். அக்டோபரில் அது நமக்கு 7.30, நவம்பர் 5 அன்று 8.30. அவர் அழைப்பு போடும்போது எதிரில் தெரிந்தது 10 மணி மட்டுமே. நம் ஊர்க்காரராக இருந்தாலும், அங்கே பல வருடம் இருப்பவருக்கு இந்த மாற்றம் சட்டென்று நினைவுக்கு வராது. இங்கே மாலையைப் பறிகொடுக்கிற நமக்குத்தான் அது முதலில் உறைக்கும்.

கோபத்தோடு எழுதினால் அது எப்படியும் ஒரு வார்த்தையில் எட்டிப் பார்த்துவிடும். அதனால்தான் இதை முதலில் சொன்னேன். இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் கொடுத்திருக்கும் மாற்று நேரங்களும் பழைய ஒன்பதரை மணி நேரக் கணக்கில்தான் இருக்கின்றன.

நீங்கள் கொடுத்த இரண்டு நேரங்களும் அவருக்கு உதவாது

திங்கள் மாலை 6 மணி என்பது நியூயார்க்கில் காலை 8.30 என்று நினைத்திருப்பீர்கள். அக்டோபரில் அது சரி. நவம்பர் 2 அன்று அது அங்கே காலை 7.30. வீட்டில் காபி போட்டுக்கொண்டிருக்கிற நேரம், வங்கியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். புதன் 7.30 என்பது அங்கே காலை 9 மணி, நேரம் என்று பார்த்தால் நல்ல நேரம். ஆனால் நவம்பர் 11 அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் தினம், மத்திய அரசு விடுமுறை. அன்று பெரும்பாலான வங்கிகள் இயங்காது. உங்கள் கிளையன்ட்டோ வங்கி.

இதைச் சாதாரணமாக விட முடியாது, ஏனென்றால் மாற்று நேரம் கொடுப்பதன் பயனே அழைத்தவரின் வேலையைக் குறைப்பதுதான். உதவாத இரண்டு நேரங்களைக் கொடுத்தால், “வர முடியாது” என்பது மட்டும்தான் அவர் காதில் விழும். அடுத்த நேரத்தை அவரே தேட வேண்டியிருக்கும். அப்படித் தேடும்போது திரும்பவும் அவருடைய 10 மணியில்தான் வந்து நிற்பார்.

போதாததற்கு, “திங்கள்”, “புதன்” என்று தேதி இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். 2ஆம் தேதியும் திங்கள், 9ஆம் தேதியும் திங்கள். உங்கள் மனதில் இருப்பது அடுத்த வாரப் புதன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, நல்ல இரண்டு நேரங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்களால் முடியாதது 8.15 முதல் 9 வரை. கூட்டம் முக்கால் மணி நேரம். மாலை 7 மணிக்கு ஆரம்பித்தால் 7.45க்கு முடியும். கொஞ்சம் இழுத்தாலும் மகளுக்குப் பால் கொடுக்கும் நேரத்தைத் தொடாது. 7.30க்கு ஆரம்பித்தால் சரியாக 8.15க்கு முடிய வேண்டும், கிளையன்ட் மீட்டிங் அப்படி முடிந்து நான் பார்த்ததில்லை. எனவே 7 மணி. அது நியூயார்க்கில் காலை 8.30. தேதியை நவம்பர் 4, புதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3ஆம் தேதி அங்கே தேர்தல் நாள், சிலர் காலையில் வாக்களித்துவிட்டுத்தான் வருவார்கள். அதோடு செவ்வாய் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கால் இருக்கிறது.

இரண்டாவது நேரம் முதல் நேரத்தைப் போலவே இருக்கக் கூடாது. இரண்டு நாளுக்கும் காலை 8.30ஐயே கொடுத்து, அந்த நேரத்தில் அவர் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவர் என்றால், இரண்டும் ஒரே அடியில் போய்விடும். ஒன்பதுக்கு மேல் சிரமமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நவம்பர் 5, வியாழன் இரவு 9.30 முதல் 10.15. அது அங்கே காலை 11 முதல் 11.45. அவர் குறித்த அதே நாள், ஒரு மணி நேரம் மட்டும் பின்னால். ஒன்று, மறுநாள் காலை ஊருக்குக் கிளம்ப வேண்டும். முந்தின இரவு பத்தேகால் வரை உட்கார உண்மையிலேயே முடியுமா என்று வீட்டில் ஒருமுறை பேசிவிட்டு அப்புறம் கொடுங்கள். கொடுத்த நேரத்தையும் பின்னால் மாற்றினால், முதல் மறுப்பைவிட அது பெரிதாகத் தெரியும்.

இந்த இரண்டில் ஒன்று கூட்டம் குறித்த நாளுக்கு முந்தின நாள், இன்னொன்று அதே நாள். நீங்கள் தள்ளிப்போடவில்லை என்பது தேதியைப் பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும், அதை விளக்கி எழுத வேண்டியதில்லை. 10ஆம் தேதிக்குப் பிறகு என்று கொடுத்திருந்தால், “இவங்க தீபாவளி முடிஞ்சுதான் வருவாங்க போல” என்ற எண்ணம் வந்திருக்கும்.

ஏன் இரண்டு, நான்கைந்து கொடுத்தால் நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். கொடுத்த ஒவ்வொரு நேரத்தையும் அவர் பதில் சொல்லும்வரை நீங்கள் காலியாக வைத்திருக்க வேண்டும். ஐந்து நேரங்களைக் கொடுத்துவிட்டு அதில் ஒன்றில் வேறு வேலை வந்து உட்கார, அவர் அதையே தேர்ந்தெடுப்பது நான் பலமுறை பார்த்த கூத்து. ஒரே நேரம் கொடுத்தால் அது நிபந்தனை போல ஒலிக்கும். இரண்டு போதும், அதற்கு அவர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்.

அனுப்ப வேண்டியது

உங்கள் செய்தியில் வர முடியாத காரணங்கள் மூன்று இருக்கின்றன. காரணம் கூடக்கூட அதற்குத் தீர்வு சொல்லும் ஆசையும் எதிரில் இருப்பவருக்குக் கூடும். “மாமியாரால் முடியாவிட்டால் ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாமே”, “அன்று ஒருநாள் கணவர் ஷிஃப்டை மாற்றலாமே” என்று அவர் நல்லெண்ணத்தோடு கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? குடும்பத்து நிலவரம் அலுவலகத்தில் விவாதத்துக்கு வந்துவிடும். உங்களுக்குள் தமிழில் பேசுகிற பழக்கம் இருப்பதால் மகள் தூங்கும் நேரம் என்று ஒரு வரி சொன்னால் தவறில்லை, அதில் மறைக்க எதுவும் இல்லை. சொல்ல விருப்பம் இல்லையென்றால் “அந்த நேரம் என்னால் இயலாது” என்பதே போதுமானது. இரண்டில் எதுவானாலும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

“வர முடியுமா என்று தெரியவில்லை” என்பதையும் எடுத்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியும், முடியாது. “எப்படியாவது சமாளிக்கிறேன்” என்ற கடைசி வரிதான் எல்லாவற்றிலும் ஆபத்து. பணிவாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கிறவர் அதை “வருவார்” என்றே எடுத்துக்கொள்வார். அவர் மீட்டிங்கை நகர்த்தவே மாட்டார், அது அவர் தவறும் ஆகாது. அந்த இடத்தில், இரண்டு நேரமும் ஒத்துவரவில்லையென்றால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

> வணக்கம் சார். நவம்பர் 5, வியாழன் இரவு 8.30 மீட்டிங்கில் என்னால் கலந்துகொள்ள இயலாது, மகள் தூங்கும் நேரம். நவம்பர் 1 முதல் அங்கே கடிகாரம் மாறுவதால் உங்கள் காலை 10 மணி எங்களுக்கு 8.30 ஆகிறது. கீழே உள்ள இரண்டில் ஒன்று உங்களுக்கும் வங்கித் தரப்புக்கும் சரிவருமா?
>
> 1. நவம்பர் 4, புதன்: நியூயார்க் காலை 8.30–9.15 / சென்னை இரவு 7.00–7.45
> 2. நவம்பர் 5, வியாழன்: நியூயார்க் காலை 11.00–11.45 / சென்னை இரவு 9.30–10.15
>
> அக்டோபர் 23, வெள்ளி வரை இரண்டு நேரத்தையும் காலியாக வைத்திருக்கிறேன். இரண்டும் ஒத்துவரவில்லையென்றால் மீட்டிங்கை 10 மணிக்கே நடத்துங்கள். டெஸ்டிங் நிலவரத்தையும் நிலுவையில் உள்ள குறைகளின் பட்டியலையும் 4ஆம் தேதி மாலைக்குள் எழுதி அனுப்பிவிடுகிறேன். என் தரப்பில் யார் பேசுவார் என்பதையும் அதில் குறிப்பிடுகிறேன். நன்றி சார்.

அவருடைய நேரத்தை முன்னால் போட்டிருப்பதைக் கவனித்தீர்களா? அவர் தன் காலண்டரைத் திறந்து பார்க்கப் போவது அந்த எண்ணைத்தான். “ஈ.எஸ்.டி.”, “ஈ.டி.டி.” என்று எழுதாமல் “நியூயார்க்” என்று எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. முதலாவது குளிர்கால நேரம், இரண்டாவது கோடை நேரம். நம்மவர்கள் ஆண்டு முழுக்க ஈ.எஸ்.டி. என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். கடிகாரம் மாறுகிற வாரத்தில் அதனாலேயே ஒரு மணி நேரம் தவறிப்போகும். ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டால் குழப்பமே இல்லை.

மன்னிப்பு எங்கே என்று தேடுவீர்கள். உங்களுக்கு ஒத்துவராத நேரத்தில் ஓர் அழைப்பு வந்தது, நீங்கள் அதை முன்கூட்டியே சொல்கிறீர்கள். இதில் மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. போன மாதம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போகாதது வேறு விஷயம், அதற்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இந்தச் செய்தியில் வேண்டாம். தனியாக அழைத்து, “அன்னைக்கு வரேன்னு சொல்லிட்டு வராம போயிட்டேன், முன்னாடியே சொல்லியிருக்கணும் சார்” என்று முடித்துவிடுங்கள்.

உங்கள் அப்ரைசல் பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் மனிதவளத் துறையில் இருந்து மதிப்பீட்டுக் கூட்டங்களில் உட்கார்ந்தவள் நான். இரண்டு வாரம் முன்னதாக மாற்று நேரத்தோடு மறுத்தவரைப் பற்றி அங்கே யாரும் பேசியதில்லை. வருவதாகச் சொல்லி வராதவரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், தேதியோடு.

எந்தப் பொத்தானை அழுத்துவது

அவுட்லுக்கில் Propose New Time என்று ஒன்று உண்டு. அதில் ஒரு நேரம்தான் குறிக்க முடியும், இரண்டு கொடுக்க இடமில்லை. எனவே Decline அழுத்தி, பதிலைத் திருத்தி அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள செய்தியை அதில் ஒட்டுங்கள். Do Not Send a Response பக்கம் போகவே வேண்டாம். அதை அழுத்தினால் மீட்டிங் உங்கள் காலண்டரிலிருந்து மறைந்துவிடும், அழைத்தவருக்கோ எந்தத் தகவலும் போகாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பையன் இப்படித்தான் “மறுத்துவிட்டேன்” என்று நிம்மதியாக இருந்தான். அந்தப் பக்கம் நான்கு பேர் அவனுக்காகப் பதினைந்து நிமிடம் காத்திருந்தார்கள். உங்கள் போன மாதத்துக் கதைக்கும் இதற்கும் அவர்கள் பார்வையில் வித்தியாசமே இல்லை.

பதில் போனதும் உங்கள் காலண்டரில் அந்த இரண்டு நேரங்களையும் Tentative என்று குறித்துவையுங்கள். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் புது அழைப்பு அனுப்பியதும் மற்றதை நீக்கிவிடலாம். 23ஆம் தேதிவரை பதில் வராவிட்டால் டீம்ஸில் ஒரு வரி கேளுங்கள், மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் மீட்டிங்கை நகர்த்தாத வரை அது வங்கிக்காரர்களின் காலண்டரில் 10 மணியிலேயே நிற்கும்.

சட்டத்தை இதில் சேர்க்க வேண்டாம்

நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் சரி. தமிழ்நாட்டில் பெண்களை இரவு எட்டு மணிக்கு மேல் பணியில் வைக்க, அவர்களுடைய எழுத்துப்பூர்வச் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கூப்பிடவே கூடாது என்பதில்லை. வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாள்களை எடுத்துப் பாருங்கள், சம்மதம் அதிலேயே இருக்கலாம். பணி நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை மறுக்கும் உரிமை என்று தனிச் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை.

உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கும் உரிமை வேறொன்று, உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, வேலை நாளில் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தர வேண்டும். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்தில் இருந்த இந்த உரிமை 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. உங்கள் மகள் கணக்குப்படி அடுத்த பிப்ரவரி வரை. ஆனால் ஒரே ஒரு மீட்டிங்குக்கு நேரம் மாற்றித் தர ஒருவர் தயாராக இருக்கும்போது சட்டத்தை நீட்டினால், அவர் உடனே எச்.ஆரை உள்ளே இழுத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்வார். இந்தக் கூட்டத்துக்கு அது தேவைப்படாது. எங்கே தேவைப்படலாம் என்றால், செவ்வாய்க்கிழமை காலுக்கு.

19 செவ்வாய்க்கிழமைகள்

உங்கள் வாரக் கால் நியூயார்க் காலை 10 மணி என்று பதிவாகியிருந்தால், நவம்பர் 3 முதல் அதுவும் தானாகவே 8.30க்கு வந்து நிற்கும். அங்கே கடிகாரத்தை மறுபடி முன்னால் தள்ளுவது 2027 மார்ச் 14. அதுவரை மார்ச் 9 உட்பட 19 செவ்வாய்க்கிழமை மாலைகள். வியாழன் கூட்டம் ஒருநாள் விஷயம், நீங்கள் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். இப்போதே உங்கள் காலண்டரில் நவம்பர் 3ஆம் தேதியைத் திறந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

இதற்கு ஒவ்வொரு வாரமும் மாற்று நேரம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. வியாழன் மீட்டிங்குக்கு நேரம் முடிவான இரண்டொரு நாளில் அதே மேனேஜரிடம், “நவம்பர் 3 முதல் மார்ச் 9 வரை செவ்வாய் மீட்டிங்கை உங்கள் காலை 9 மணிக்கு மாற்ற முடியுமா சார், அப்போது எங்களுக்குப் பழையபடி 7.30” என்று கேளுங்கள். அது ஒரு மணி நேரம் ஓடும் கால் என்றால் அவருடைய காலை 8.30 என்று கேளுங்கள். இங்கே உங்களோடு அந்தக் காலில் இருப்பவர்களிடமும் முதலில் பேசிவிடுங்கள். இரவு எட்டரைக்குக் கம்பெனி வண்டியைத் தவற விடப்போகிறவர்கள் அவர்களில் இருந்தால் அவர்களும் சேர்ந்து கேட்பார்கள், அது உங்கள் ஒருத்தியின் கோரிக்கையாக இருக்காது. அவரால் முடியாது, வங்கி 10 மணியில்தான் நிற்கிறது என்றால், அப்போது எச்.ஆரிடம் பாலூட்டும் இடைவேளையை எழுத்தில் கேளுங்கள்: செவ்வாய்தோறும் 8.15 முதல் 9 வரை, பிப்ரவரியில் மகளுக்குப் பதினைந்து மாதம் நிறையும் தேதி வரை. அதற்குப் பிறகு மீதி இருப்பது மூன்று அல்லது நான்கு செவ்வாய்தான்.